தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம்: கடலோரத்திலிருந்து ஒரு விடை

வினா 3. தேசிய நலத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எதிர்கொள்ளும் சிக்கல், அதன் உத்தி, இதுவரை கிடைத்த பலன் பற்றிய மதிப்பீடு, எஞ்சியுள்ள இடைவெளிகள் ஆகியவற்றை உங்கள் களப்பயிற்சிப் பகுதியோடு பொருத்தி விளக்குக. (20 மதிப்பெண்)

விடை:

தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். களப்பயிற்சிப் பகுதி பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் சுற்றுவட்டாரம். இந்தத் திட்டம் தன்னிடம் வந்து சேர்ந்த நோயாளியை நன்றாகக் குணப்படுத்துகிறது. வந்து சேராதவரிடமும், ஓரிடத்தில் நிலையாக இல்லாதவரிடமும் தடுமாறுகிறது. கீழே வரும் நான்கு பகுதிகளும் இந்தக் கருத்தை ஒட்டியே அமைகின்றன.

1. சிக்கல்

காசநோய் காற்றில் பரவும் பாக்டீரியா நோய். கிருமி உடலுக்குள் புகுந்தவர்கள் எல்லோரும் நோயாளியாவதில்லை. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, குடி ஆகியவை அடங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடுகின்றன. எனவே இது மருந்தால் மட்டும் தீரும் நோய் அல்ல. சோறு, வீடு, வேலை மூன்றும் இதில் கலந்திருக்கின்றன.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் ஆய்வகத்தில் உறுதியானது. இதைவிட என்னை உறுத்துவது அதே ஆய்வின் வேறொரு தகவல். அறிகுறி இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அவர்களில் பெரும்பாலோர், சுமார் 68 விழுக்காட்டினர், அறிகுறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். காசில்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பதில் கடற்கரையில் நன்றாகவே புரியும். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர் டீசல் புகையிலும் ஐஸிலும் ஈரத்திலும் கிடந்து வருகிறார். இருமல் அவருக்குத் தொழிலோடு வரும் ஒன்று. கருவாடு காயப்போடும் பெண்ணும் உப்பளத்தில் நிற்கும் பெண்ணும், கடல்பாசி எடுக்க நீரில் மூழ்கும் பெண்ணும் இதையேதான் சொல்கிறார்கள்: ‘சளி பிடிச்சிருக்கு, போயிரும்.’ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதே சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் அளவுகோல். எப்போதும் இருமிக்கொண்டிருப்பவரிடம் அந்த இரண்டு வாரம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவரால் சொல்ல முடிவதில்லை.

2. உத்தி

இன்றைய உத்தியின் வேர் சென்னையில் இருக்கிறது. 1956இல் அங்கு தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று ஆய்வின் மூலம் காட்டியது. வீட்டில் இருப்பதால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் தெரிந்தது. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. 1992 மதிப்பாய்வில், சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிப்பதில்லை என்று தெரிந்தது. அதன்பின் நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் முறை 1993இல் சோதிக்கப்பட்டு, 1997இல் திருத்தப்பட்ட திட்டமாகி, 2006இல் நாடு முழுவதையும் எட்டியது. 2020இல் ‘கட்டுப்பாடு’ என்பது ‘ஒழிப்பு’ என மாறியது. நிலைத்த வளர்ச்சி இலக்கு ஆண்டான 2030க்கு ஐந்தாண்டு முன்பே, 2025இல், நோய்ப்பாதிப்பை 2015 நிலையிலிருந்து 80 விழுக்காடும் இறப்பை 90 விழுக்காடும் குறைப்பது, எந்தக் குடும்பமும் சிகிச்சைச் செலவால் நொடித்துப்போகாமல் காப்பது என்பன இலக்குகள்.

கண்டறிதல், சிகிச்சை, தடுப்பு, கட்டமைப்பு ஆகிய நான்கும் திட்டத்தின் தூண்கள். கண்டறிதலில் நுண்ணோக்கியின் இடத்தை ட்ரூநாட், சிபிநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனைகள் பிடித்து வருகின்றன. இவை காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடும். மருந்துக்குக் கட்டுப்படும் நோய்க்கு ஆறு மாதம், தினமும் மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் தகுதியுள்ளவர்களுக்கு ஆறு மாதத்தில் முடியும் புதிய மருந்துத் தொகுப்பு 2024இல் ஏற்கப்பட்டது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு, நோய் இல்லை என உறுதி செய்தபின் தடுப்பு மருந்து தரப்படுகிறது. 2012 முதல் தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு நோயாளியையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எல்லாப் பதிவும் திட்டத்தின் இணையப் பதிவேடான நிக்ஷய் தளத்தில் ஏறுகிறது.

சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயானது. இந்த உயர்வு தயவில் கொடுத்தது அல்ல, சான்றின் அடிப்படையில் வந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் கொடுத்ததால் அவர்களிடம் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் இங்கே தடுப்பு மருந்தாகவே வேலை செய்திருக்கின்றன.

தமிழ்நாடு 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஒன்றைச் சேர்த்தது. நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பணியாளரே பார்த்துவிடுவார். அபாய நிலையில் இருப்பவர் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவார். எடை பார்க்கும் இயந்திரமும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் போதும், மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். இறப்புகளில் பெரும்பங்கு சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்திலேயே நேர்வதால், இந்த எளிய சல்லடையின் மதிப்பு பெரிது.

3. மதிப்பீடு

உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிய நோய்ப்பாதிப்பு 2015இல் லட்சத்துக்கு 237ஆக இருந்து 2024இல் 187ஆகக் குறைந்தது. இது 21 விழுக்காடு வீழ்ச்சி. உலகச் சராசரியை விட வேகமானது. இறப்பு 28இலிருந்து 21ஆனது. 2024இல் 26 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவாயினர், சிகிச்சை வெற்றி 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

இலக்கோடு வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 237இல் 80 விழுக்காடு குறைந்தால் 47க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். இறப்பு 3க்குப் பக்கத்தில். ஆகவே திட்டம் முன்னேறியது, ஆனால் 2025 இலக்கை எட்டவில்லை என்பதே சரியான தீர்ப்பு. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

90 விழுக்காடு வெற்றி என்பதையும் கவனித்துப் படிக்க வேண்டும். அதன் வகுக்கும் எண் பதிவானவர்கள் மட்டுமே. பதிவாகாமல் வீட்டில் இருமுகிறவர் அந்தக் கணக்கில் தோல்வியாகக்கூட ஏறுவதில்லை. பரவல் ஆய்வில் உறுதியான நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் தவறிப்போயிருப்பார்கள். அவர்களிடம் கேட்டறியத்தக்க அறிகுறி எதுவும் இல்லை. வீடு வீடாகப் போய் ‘இருமல் இருக்கா?’ என்று மட்டும் கேட்டு வரும் கணக்கெடுப்பு எவ்வளவு பேரைத் தவறவிடும் என்பதற்கு இந்த எண்ணே சான்று.

4. இடைவெளிகள்

கடலோரத்தில் முதன்மையான இடைவெளி, நோயாளி நகர்கிறார், திட்டம் நகர்வதில்லை என்பது. களப்பயிற்சியில் நான் பார்த்த ஒரு சிகிச்சை அட்டையில் முதல் ஆறு வாரம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது, அதன்பின் கட்டங்கள் காலி. விசைப்படகுக் கூலித் தொழிலாளியான அவர் தடைக்காலத்தில் கேரளத் துறைமுகம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். ‘மருந்து நிப்பாட்டல, தீர்ந்துபோச்சுக்கா. அங்க யார்ட்ட கேக்குறதுன்னு தெரியல’ என்று திரும்பி வந்தபின் செவிலியரிடம் சொன்னார். நிக்ஷயில் நோயாளியை வேறு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மாற்றும் வழி இருக்கிறது. அவர் கிளம்பும் நாளில் அதைக் கேட்க ஆள் இல்லை. இதை நோயாளியின் அலட்சியம் என்று அட்டையில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கான விடையும் கடற்கரை நாட்காட்டியிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசநோயின் முதல்கட்டத் தீவிர சிகிச்சை எட்டு வாரம், அதாவது 56 நாள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே துறைமுகத்தில் கையடக்க எக்ஸ்ரே முகாம் வைத்து, சந்தேகமானவர்களுக்கு ட்ரூநாட் செய்து முடித்தால், ஊரில் தங்குகிறவர் முதல்கட்டத்தைக் கரையிலேயே கண்காணிப்பில் முடித்துவிடலாம். மேற்குக் கரைக்குப் போகிறவருக்குக் கையில் மருந்தும் அங்குள்ள மையத்தின் பெயரும் கொடுத்து அனுப்பலாம். முகாமை ஜூலையில் வைத்தால் ஆண்கள் கடலில் இருப்பார்கள், வருகைப் பதிவேட்டில் பெண்களும் முதியவர்களும்தான் இருப்பார்கள்.

தடைக்காலம் வருமானமில்லாத காலமும்கூட. சத்துணவுத் தொகை தாமதமாக வந்தால் அதிகம் வலிப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாதது, பெயரில் ஒரெழுத்து மாறியிருப்பது போன்ற காரணங்களால் பணம் நின்றுபோகும் இடங்களில், மாதாந்திர உணவுப் பொட்டலத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பிறகு சரிசெய்வதே முறை.

மருந்து வழங்கலும் கவலைக்குரியது. 2023-24இல் பல மாநிலங்களில் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒருநாளும் விடாதீர்கள் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு மருந்தில்லாமல் திருப்பி அனுப்பும் பணியாளரின் சொல்லுக்கு ஊரில் பிறகு மதிப்பிருக்காது.

குடியும் புகையிலையும் பற்றித் திட்ட ஆவணங்கள் பேசுகின்றன, ஆனால் காசநோய் மையத்தில் அதற்கான ஆலோசகரைக் காண்பது அரிது. பெண்களிடம் வேறுவிதத் தயக்கம்: நோய் தெரிந்தால் திருமணம் நின்றுபோகும் என்ற அச்சத்தில் சளி டப்பாவை வேறொருவர் பெயரில் கொடுத்தனுப்பச் சொன்ன தாய்மாரும் உண்டு. பரிசோதனையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு சேர்த்து வீட்டிலேயே செய்தால் இந்தத் தயக்கம் ஓரளவு தணியும். சர்க்கரை நோயாளிகளிடம் காசநோய் தேடும் வேலையும் அதோடு நடந்துவிடும்.

இராமேசுவரம் கடலுக்கே உரிய இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை கைது செய்யும் மீனவர்களில் சிகிச்சையில் உள்ளவரும் இருக்கலாம். சில வாரம் முதல் பல மாதம்வரை சிறையில் இருக்க நேர்ந்தால் மருந்து இடையில் அறுந்துபோகும், அங்கிருந்து மருந்து எதிர்ப்பு நோய்க்குத் தூரம் அதிகமில்லை. கைதானவர் பட்டியல் மீன்வளத் துறைக்கு வந்த அன்றே அதை மாவட்டக் காசநோய்ப் பிரிவு தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு, யாராவது இருந்தால் அவரது மருந்து விவரத்தைத் தூதரகம் வழியாகச் சிறை மருத்துவருக்கு எட்டச் செய்ய வேண்டும்.