இரத்தச் சுத்திகரிப்பின்போது எச்சரிக்கை ஒலி எழாமை: தொழில்நுட்பவியலாளரின் சம்பவ அறிக்கை

பெறுநர்: வைத்திய அத்தியட்சகர்
ஊடாக: இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்புத் தாதி
பிரதி: உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவு
சம்பவ நாள்: 12.03.2025, புதன்கிழமை, காலைப் பிரிவு
இயந்திரம்: இலக்கம் 4, சன்னலோரக் கட்டில்

நோயாளி ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்த விவசாயி, வயது 58. வாரத்தில் மூன்று நாள் வருபவர். இடது கையில் பிஸ்டுலா. காலை 8.35 மணிக்கு நான்கு மணிநேரச் சிகிச்சை ஆரம்பமானது. தொடக்க எடை 54.6 கிலோ, உலர் எடை 52.4 கிலோ. இரத்த அழுத்தம் 150/90. இரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர். நாள அழுத்தம் 120 முதல் 130 வரை நிலையாக இருந்தது. மேல் எல்லை 200.

காலை 10.46 மணியளவில் அடுத்த கட்டிலுக்குக் குழாய் தயார்செய்துகொண்டிருந்தபோது 4ஆம் இயந்திரத்தின் இரத்தப் பம்பு சுழலாமல் நிற்பதைக் கண்டேன். திரையில் நாள அழுத்தம் 260 எனக் காட்டியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒலி இல்லை. நாளக் குழாயின் கிளாம்ப் மூடியிருந்தது. நோயாளி திரும்பிப் படுத்தபோது நாளக் குழாய் முழங்கைக்குக் கீழ் மடிந்திருந்தது. இயந்திரப் பதிவின்படி பம்பு நின்றது 10.42 மணிக்கு. ஆகவே இரத்தம் ஏறத்தாழ நான்கு நிமிடம் குழாயிலும் டயலைசரிலும் அசையாமல் தேங்கியிருக்கிறது. இன்னும் சில நிமிடங்கள் கவனியாமல் விட்டிருந்தால் முழுச் சுற்றும் உறைந்து, அந்த இரத்தம் அவருக்கு இல்லாமலே போயிருக்கும். இரத்தச்சோகையுள்ள நோயாளிக்கு அது சிறிய இழப்பல்ல.

குழாயை நேராக்கி, கடமைத் தாதியையும் வைத்திய அதிகாரியையும் அழைத்தேன். நாளக் குமிழ் அறையில் உறைவு தெரியவில்லை. சேலைன் விட்டுப் பார்த்தபோது டயலைசரில் சில இழைகள் மட்டும் கறுத்திருந்தன, அழுத்தம் 130க்குத் திரும்பியது. வைத்திய அதிகாரியின் அறிவுறுத்தலின்படி, அவர் பக்கத்தில் நிற்க, இரத்தத்தைத் திருப்பிச் செலுத்தினோம்.

அப்போதைய நிலை: இரத்த அழுத்தம் 140/80, நாடித்துடிப்பு 92. நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், தலைச்சுற்று எதுவும் இல்லை. பிஸ்டுலாவில் அதிர்வு நன்றாக உணரப்பட்டது, ஊசியிடத்தில் வீக்கமில்லை. "தம்பி, இயந்திரம் நின்றது எனக்குத் தெரியவில்லை, நான் நித்திரையாகிவிட்டேன்" என்றார். உடனிருந்த மனைவி மிகவும் பயந்துபோயிருந்தார். நடந்ததை மறைக்காமல் இருவருக்கும் தாதி விளக்கினார். 11.20 மணிக்கு மாற்று இயந்திரத்தில் புதிய குழாய், புதிய டயலைசருடன் தொடர்ந்து 13.13 மணிக்கு முடித்தோம். இறுதி எடை 52.8 கிலோ, இரத்த அழுத்தம் 130/80. அடுத்த வருகையில் ஈமோகுளோபின் பார்க்கும்படி எழுதப்பட்டுள்ளது.

இயந்திரச் சோதனை நோயாளியை மாற்றிய பின், சேலைன் நிரப்பிய சுற்றில் செய்யப்பட்டது. நாளக் குழாயை இறுக்கியபோது பம்பு நின்றது, கிளாம்ப் மூடியது, விளக்கு எரிந்தது, ஒலி எழவில்லை. குமிழ் அறையின் மட்டத்தை இறக்கிக் காற்றுணரியைச் சோதித்தபோதும் அதே விளைவு. மின்கடத்துதிறன் எல்லை மீறியபோது டயலைசேற் நீர் புறவழிக்கு மாறியது, ஆனால் அப்போதும் ஒலி இல்லை. ஒலி அளவு அமைப்பு உச்சத்தில்தான் இருந்தது. மின் இணைப்பைத் துண்டித்ததும் மின்தடை ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆகவே பாதுகாப்புப் பொறிமுறை வேலை செய்கிறது, பொது எச்சரிக்கை ஒலிதான் செயலிழந்துள்ளது.

காலைச் சுயசோதனையில் ஒலி கேட்டதாகப் பதிவேட்டில் உள்ளது. எனவே கோளாறு இடையில் ஏற்பட்டது அல்லது விட்டுவிட்டு ஏற்படுகிறது. பின்பக்க உறையை மெதுவாகத் தட்டியபோது ஒருமுறை கம்மிய ஒலி வந்து நின்றது. ஒலிபெருக்கி இணைப்புத் தளர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். அன்று காலை 7.50 மணிக்கு மின்சாரம் ஒருமுறை போய்வந்ததையும் குறிப்பிடுகிறேன், ஆனால் அதை இதனுடன் இணைக்க ஆதாரமில்லை. உறையைத் திறக்கவில்லை. நிகழ்வுப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இயந்திரத்தில் "பாவிக்கக் கூடாது" என ஒட்டி ஒதுக்கிவைத்துள்ளோம். ஒரு இயந்திரம் குறைந்தால் மாலைப் பிரிவு இரவுவரை நீளும், கடைசி பஸ்ஸைத் தவறவிடும் நோயாளிகளும் இருப்பார்கள் என்பதை அறிவேன். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி இதையே ஓட்டலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவருக்கு இரத்த அழுத்தம் விழுந்தால் எல்லோரும் அங்கேதான் ஓடுவோம். சன்னல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு விளக்கு அறையின் மறுமுனையிலிருந்து தெரிவதில்லை. பழுதுநீக்கி, மேற்சொன்ன எல்லாச் சோதனைகளிலும் ஒலி கேட்டதாகப் பொறியியல் பிரிவு எழுத்தில் தரும்வரை நோயாளியை இதில் இணைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மாலை நோயாளிகளுக்குத் திரும்பும் வாகன வசதி கிடைக்குமானால் பேருதவியாக இருக்கும்.

மற்ற இயந்திரங்களின் ஒலியை இன்று பிற்பகலே ஒவ்வொன்றாகக் கேட்டுச் சோதித்தேன். அனைத்தும் ஒலிக்கின்றன.

இரத்தச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பவியலாளர்
12.03.2025, மாலை 4.30