அக்கா, இது நீங்களே படிப்பதற்கு

அன்புள்ள அக்கா,

வாழ்த்துகள், வாழ்த்துகள், வாழ்த்துகள்!

வழக்கம்போல் இதைப் பேசி அனுப்பவில்லை, எழுதித்தான் அனுப்புகிறேன். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. எங்காவது சிக்கினால் எழுத்துக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் மேலே போங்கள்.

எழுத்தறிவு வகுப்பின் தேர்வு முடிவு வந்ததும் "நான் பாஸ்" என்று அனுப்பியிருந்தீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் உங்களிடமிருந்து எனக்கு வருவது குரல் பதிவு, இல்லையென்றால் ஒரு பூப்படம். நீங்களே எழுத்தைத் தேடித் தேடித் தட்டி அனுப்பிய முதல் செய்தி இதுதான். அதிலும் அந்த 'ஸ்' இருக்கிறதே, அது 247 எழுத்துக் கணக்கிலேயே வராது. அதை எப்போது கற்றுக்கொண்டீர்கள்? அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஏதாவது படிவம் வந்தால் "கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன், நீயே நிரப்பிடு" என்பீர்கள். போன் நம்பர்கள் எல்லாம் மனப்பாடம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுக்கத் தலைக்குள் இருக்கும். உங்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் எவ்வளவு விழிப்பாக இருந்திருப்பீர்கள்! தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சின்ன வயதில் உங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது? அந்தக் கூச்சத்தை மட்டும் நீங்கள் சுமந்தீர்கள்.

அதனால்தான் பாஸ் ஆனதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வகுப்பில் அத்தனை பேர் முன்னால் கையைத் தூக்கி "இது என்ன எழுத்து?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அது. மறைத்தே பழகியதை வாய்விட்டுக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும் அக்கா.

கேள்வி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 'கெ' எழுதப் பழகிய நாளில் எனக்குப் போன் செய்து, "சொல்லும்போது க தானே முதல்ல வருது, எழுதும்போது மட்டும் கொம்பை ஏன் முன்னாடி போடணும்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயதிலேயே எழுதிப் பழகிவிட்ட எங்களில் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. கு, சு, டு, மு என்று உகர வரிசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறதே என்று கோபப்பட்டதும் நியாயம்தான். கால், கொம்பு, சுழி எல்லாம் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். உகரத்தையும் ஊகாரத்தையும்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பதிய வைக்க வேண்டும். அதையும் தாண்டி வந்துவிட்டீர்கள்.

உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கங்களில் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் எழுத்து மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. விரல் எவ்வளவு வலித்திருக்கும்! போகப் போக அழுத்தம் குறைகிறது, வரி நேராகிறது. நடுவில் ஒரு பக்கம் முழுக்க உங்கள் பெயர் மட்டும். கடைசிப் பக்கங்களில் விடுதியில் இருக்கும் மகளுக்கு எழுதிய கடிதம். "நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப முழிக்காதே" என்று போனில் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவள் அதை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறாளாம், அவளே என்னிடம் சொன்னாள்.

இனிமேல் மாத்திரை அட்டையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கலாம். யாராவது அவசரப்படுத்தினால், "இருங்க, படிச்சுட்டுப் போடுறேன்" என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர்கள் காத்திருக்கட்டும்.

செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். யுனெஸ்கோ 1966இல் அறிவித்து, மறு வருடத்திலிருந்து கொண்டாடி வரும் நாள். அன்றைக்கு வகுப்பில் உங்களைத்தான் மேடையேறி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுத்துவிடாதீர்கள். மகள் சம்மதித்தால் அந்தக் கடிதத்தையே வாசியுங்கள். படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், இந்தத் தடவை நிஜமாகவே தேவைப்படும். நான் முன்வரிசையில் இருப்பேன்.

பதிலை எழுதியே அனுப்புங்கள். ல, ள, ழ இடம் மாறினாலும் பரவாயில்லை, எனக்குப் புரியும்.

நிறைந்த அன்போடு,
உங்கள் தோழி