கணிதத் தேர்வு: சராசரியும் இடைநிலை அளவும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மதிப்பெண் அட்டையில் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு எண்கள் இருக்கும்: வகுப்புச் சராசரி 61, இடைநிலை அளவு 68.

25 பேரின் மதிப்பெண்களைக் கூட்டினால் 1525. அதை 25ஆல் வகுத்தால் சராசரி 61. அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில், 13ஆவதாக நிற்பவர் எடுத்தது 68. அதுதான் இடைநிலை அளவு.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? நான்கு பேர் 8, 11, 14, 17 என்று எடுத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுக் கணக்கிட்டால் சராசரி 70ஐத் தாண்டிவிடும். இடைநிலை அளவை இத்தகைய மிகக் குறைந்த மதிப்பெண்கள் அவ்வளவாக அசைப்பதில்லை.

ஆகவே 64 எடுத்த பிள்ளை சராசரிக்கு மேலே இருந்தாலும் வகுப்பின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. "சராசரியைத் தாண்டியாச்சு" என்று இந்த முறை நிம்மதி அடைய வேண்டாம், 68உடன் ஒப்பிடுங்கள். சென்ற தேர்வில் இடைநிலை அளவு 75. அப்போது 71, இப்போது 64 என்றால் பிள்ளை சறுக்கவில்லை, வினாத்தாள்தான் கடினம்.

எந்தப் பாடத்தில் தடுமாற்றம் என்பதை இந்த எண்கள் சொல்லாது. விடைத்தாளில் வினாவாரியாகப் பாருங்கள். வடிவியலில்தான் பலருக்கும் மதிப்பெண் போயிருக்கிறது. விடைத்தாளில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை, 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு