பெரிய மாமாவுக்கு: படத்தில் இருப்பவர்களின் பெயர் வேண்டும்

பிரேமன், ஜெர்மனி
9 நவம்பர் 2025

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

கயல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் இடது கண்ணில் அறுவை முடிந்து இப்போது பேப்பர் படிக்க முடிகிறது என்று அம்மா சொன்னாள். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாசியில் அம்மாச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, பரணில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் கொடுத்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதில் 63 படங்கள் இருந்தன. கஜா புயலில் ஓடு பறந்து நனைந்ததால் ஒன்பது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்; மேலே தெரிவதை மட்டும் ஸ்கேன் செய்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்துவிட்டேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பெண்ணின் மூக்குத்தியில் கல் மூன்றா ஐந்தா என்று எண்ணலாம். ஆனால் அந்தப் பெண் யார் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவளுக்கு 11 பேரைத்தான் தெரிகிறது. "அது அந்த வீட்டு ஆள்", "தாத்தாவுக்கு ஏதோ முறை" என்கிறாள். நீங்கள் அவளுக்குப் பதினைந்து வயது மூத்தவர், 52 புயலின்போது உங்களுக்கு எட்டு வயது. ஆயக்காரன்புலத்தில் இந்த முகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான் மாமா. அம்மாச்சி இருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்று நாள்தான் இருப்பேன், அந்த மூன்று நாளும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வருவதிலேயே போய்விடும். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

படங்களை A4 தாளில் பெரிதாக அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒரு மெல்லிய தாள் இருக்கும். படத்தின் மேல் அதை வைத்து ஒவ்வொரு உருவத்தையும் கோடாக வரைந்து, தலைக்குள் எண் போட்டிருக்கிறேன். "14-ல் 3 இன்னார்" என்று நீங்கள் சொன்னால் போதும். எழுதச் சிரமமாக இருந்தால் எழுதவே வேண்டாம். வாயால் சொல்லுங்கள், செல்வி அண்ணி போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். உங்களிடம் இருக்கும் அசல் படங்களின் பின்பக்கம் மட்டும் பேனாவால் எழுதிவிடாதீர்கள், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எழுதியே ஆகவேண்டும் என்றால் பென்சிலால், அழுத்தாமல்.

14-ஆம் படத்தை முதலில் பாருங்கள். சின்ன அம்மாச்சி கல்யாணம் என்று அம்மா சொல்கிறாள். கீற்றுப் பந்தல், இரண்டு பக்கமும் குலையோடு வாழை, 17 பேர். உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிட்டது. பின்னால் நிற்கும் பெண்கள் ஆறு பேரில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி யாரைக் கேட்டாலும் இன்னார் பெண்சாதி, இன்னார் மருமகள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் சொந்தப் பெயர் எனக்கு வேண்டும் மாமா. பட்டப்பெயர்தான் ஞாபகம் வருகிறது என்றால் அதுவும் சரி. குறிப்பாக எண் 12: கையில் செம்போடு, பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்குவது போல் இருக்கிறாள்.

22 புகையிலைக் கொல்லையில் எடுத்தது. தாத்தா குடையோடு முன்னால் நிற்கிறார். பத்தடி தள்ளி மண்வெட்டியோடு இரண்டு ஆண்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அவர்களைப் படத்தில் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை, ஓரத்தில் விழுந்திருக்கிறார்கள். அம்மாச்சி சொல்வார்களே, அம்மா பிறந்த இரவில் மழைக்குள் ஓடிவந்து கூட இருந்த அஞ்சலை, அவர்தானா இந்தப் பெண்? அந்தக் குழந்தையின் வீட்டார் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு படி அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

31 இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றி நின்று எடுத்தது. அப்போது அதுதானே வழக்கம். பலருக்கு ஆயுளில் எடுத்த ஒரே படமே அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பெரியவர் யார்? அவர் காலடியில் உட்கார்ந்து கேமராவையே பார்க்கும் சிறுவன் நீங்களா? காது உங்களுடையது போலவே இருக்கிறது.

40-லிருந்து 51 வரை எல்லாம் சதுரப் படங்கள், சரியாக 12. ஒரே சுருளாக இருக்கும் என்று நினைக்கிறேன், கிளிக் த்ரீ கேமராவில் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படம் வரும். இவற்றை எடுத்தவர் எதிலும் இல்லை. ஆனால் 46-இல் தரையைப் பாருங்கள்: அவர் நிழல் விழுந்திருக்கிறது, இரண்டு முழங்கையும் வெளியே நீட்டி, வேட்டியை மடித்துக் கட்டி. அந்த நிழலுக்கும் ஒரு எண் போட்டிருக்கிறேன். ரஜூலா கப்பலில் வந்துபோன சிங்கப்பூர்த் தாத்தாவா?

இனி 57. இதைக் கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். படத்தின் இடது பக்கம் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவர் கவனிக்காமல் விட்ட ஒரு கை மட்டும் தாத்தாவின் தோள்மேல் இருக்கிறது. என்ன சண்டை, யார் மேல் தப்பு என்றெல்லாம் நான் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்ல மனமில்லை என்றால் இந்த ஒன்றை விட்டுவிடுங்கள், நான் மறுபடி கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் கை அவ்வளவு உரிமையோடு தோளில் கிடக்கிறது மாமா. அந்தக் கைக்கு உரியவரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

வருஷம் ஞாபகம் வராவிட்டால் புயலை வைத்துச் சொல்லுங்கள்: 52-க்கு முன்னாலா, 77-க்குப் பின்னாலா. வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முன்னால், கிணறு வெட்டிய வருஷம் என்று சொன்னாலும் நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்று குறித்துக்கொள்கிறேன். யாரைப் பற்றியாவது கூட இரண்டு வார்த்தை வந்தால் நிறுத்தாதீர்கள். வேலை, குரல், குணம், எது வந்தாலும் சரி.

ஒரே நாளில் முடிக்க வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் உட்கார்ந்து நாளைக்கு இரண்டு படம் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு நான் கூப்பிடுகிறேன், எனக்கு அப்போது மதியம் இரண்டு மணி. தை பிறந்ததும் லீவு போட்டிருக்கிறேன். இந்த முறை மூன்று வாரம் இருப்பேன், வேறு எங்கும் போகப் போவதில்லை. பெயர்களோடு எல்லாவற்றையும் ஒரு ஆல்பமாகக் கட்டிக் கொண்டுவருகிறேன்.

அத்தைக்கும் அண்ணன், அண்ணிக்கும் என் அன்பு.

உங்கள் மருமகள்,
கயல்விழி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா போன் செய்தாள். 14-இல் செம்போடு நிற்கும் பெண்ணின் பெயர் ஞாபகம் வந்துவிட்டதாம். அதை இங்கே எழுதவில்லை. முதலில் நீங்கள் சொல்லுங்கள், அதே பெயர் வருகிறதா என்று பார்ப்போம்.