ஆண்கள் மெடிக்கல் வார்டு: நவம்பர் 14, ராத்திரி டூட்டி செய்திகள்

இரவு 7:25. மாலை டூட்டி சிஸ்டர், ராத்திரி டூட்டி சிஸ்டருக்கு

கண்ணு, பெட் பக்கத்தில் நின்று சொன்னதையே எழுதியும் அனுப்புகிறேன், நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள். வார்டில் 22 பேர். 19 பேர் நன்றாக இருக்கிறார்கள், அவங்க விவரம் ரிப்போர்ட் புக்கில் இருக்கிறது. நீ விடாமல் பார்க்க வேண்டியது மூணு பேர்: முதலில் 11ஆம் பெட், அடுத்து 7, அப்புறம் 12. ஃபோனில் பேர் வேண்டாம் என்று பேர் போடவில்லை. பெட் நம்பரோடு ஐ.பி. நம்பரின் கடைசி நாலு எண்ணையும் கைப்பட்டையில் பார்த்துக்கொள்.

11ஆம் பெட், ஐ.பி. 2638. காலேஜ் பையன், வயசு 19, எடை 54 கிலோ. டெங்கு, காய்ச்சல் ஆரம்பித்து இன்றைக்கு 5ஆம் நாள். காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. அவங்க அம்மா "காய்ச்சல் விட்ருச்சுங்க சிஸ்டர், நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார்கள். எனக்குப் பயமே அதுதான், காய்ச்சல் விட்ட இந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பி.பி. இறங்கும். காலை 6 மணிக்கு ஹெச்.சி.டி. 40, பிளேட்லெட் 62,000. மாலை 5 மணிக்கு ஹெச்.சி.டி. 45, பிளேட்லெட் 41,000. இரவு 7 மணிக்கு பி.பி. 104/76, பல்ஸ் 98, கை சூடாக இருக்கிறது. மதியத்திலிருந்து ரெண்டு தடவை வாந்தி. என்.எஸ். மணிக்கு 100 மி.லி. ஓடுகிறது. முந்தாநாள் வெளியில் ஒரு இடத்தில் உடம்பு வலிக்கு ஊசி போட்டதாக அம்மா சொல்கிறார்கள், என்ன ஊசி என்று அவங்களுக்குத் தெரியவில்லை. இங்கே பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்து கிடையாது, தசை ஊசியும் கிடையாது. மணிக்கு ஒருமுறை பி.பி., பல்ஸ், யூரின். மேல் பி.பி.க்கும் கீழ் பி.பி.க்கும் வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, ஃபோன் பண்ணு.

7ஆம் பெட், ஐ.பி. 2702. வயசு 44. பவானிப் பக்கம் மஞ்சள் காட்டில் மதியம் 3 மணிக்கு வலது காலில் கண்ணாடி விரியன் கடி. வந்தவுடன் 20 நிமிஷ டெஸ்டில் ரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து 10 வயல், மாலை 5:30க்கு முடிந்தது, அலர்ஜி எதுவும் வரவில்லை. அடுத்த டெஸ்ட் இரவு 11:30 மணிக்கு. புதுக் கண்ணாடி ட்யூப் ரெண்டு ட்ரேயில் வைத்திருக்கிறேன், அதைத்தான் எடுக்கணும், சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூப் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம். வீக்கம் எதுவரை இருக்கிறது என்று காலில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதியிருக்கிறேன், 7 மணிக்கு முழங்காலுக்கு நாலு விரல் கீழே.

12ஆம் பெட், ஐ.பி. 2591. வயசு 71, இதயம் பலவீனம், கால் வீக்கம். மாலை 6 மணிக்கு பி.பி. 96/60 இருந்ததால் லாசிக்ஸ் டோஸ் கொடுக்கவில்லை, டாக்டருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அதை நீ கேட்டு வாங்கு. படித்துவிட்டு உன் வார்த்தையில் திருப்பி எழுது கண்ணு, அப்புறம்தான் கிளம்புவேன்.

7:33. ராத்திரி சிஸ்டர், மாலை சிஸ்டருக்கு

சரிங்க அக்கா. 11: டெங்கு, காய்ச்சல் விட்ட நாள், மணிக்கு ஒருமுறை பார்க்கணும், பி.பி. இடைவெளி 20 அல்லது கீழே என்றால் ஃபோன், வலி மருந்தும் தசை ஊசியும் கிடையாது. 7: பாம்புக்கடி, இரவு 11:30க்கு 20 நிமிஷ டெஸ்ட், புது ட்யூப். 12: லாசிக்ஸ் பாக்கி, டாக்டரிடம் கேட்கணும். ஒன்று மட்டும் கேட்கிறேன், 11க்கு மதியத்திலிருந்து யூரின் எவ்வளவு? நீங்க எழுதவில்லை.

7:34. மாலை சிஸ்டர்

விட்டுவிட்டேன், நல்லவேளை கேட்டாய். மதியம் 1:30லிருந்து இரவு 7 மணி வரை 160 மி.லி. சரி, கிளம்புகிறேன்.

10:36. ராத்திரி சிஸ்டர், டியூட்டி டாக்டருக்கு

டாக்டர், ஆண்கள் மெடிக்கல் வார்டு சிஸ்டர் பேசுகிறேன். நீங்க கேஷுவாலிட்டியில் பைபாஸ் ஆக்சிடென்ட் கேஸில் இருப்பது தெரியும். உடனே வர வேண்டியதில்லை, ரெண்டு பேருக்கு ஆர்டர் மட்டும் 15 நிமிஷத்துக்குள் வேண்டும்.

11ஆம் பெட், 2638, டெங்கு: பி.பி. 106/80, பல்ஸ் 102, 7 மணியிலிருந்து 10:30 வரை யூரின் 70 மி.லி. மட்டும். 54 கிலோவுக்கு இது குறைவு. என்.எஸ். மணிக்கு 100 ஓடுகிறது. ட்ரிப்பைக் கூட்டட்டுமா, ஹெச்.சி.டி. இப்போதே எடுக்கட்டுமா?

12ஆம் பெட், 2591, இதயம்: மாலை லாசிக்ஸ் பி.பி. குறைவால் நிறுத்தினோம். இப்போது பி.பி. 108/68, ஆக்சிஜன் 2 லிட்டரில் எஸ்.பி.ஓ.2 95. டோஸ் கொடுக்கலாமா?

10:41. டியூட்டி டாக்டர்

லாசிக்ஸ் 40 ஐ.வி. 11க்கு போட்டுவிடுங்க. ஹெச்.சி.டி. அனுப்புங்க, ட்ரிப் 150.

10:42. ராத்திரி சிஸ்டர்

லாசிக்ஸ் இன்னும் போடவில்லை டாக்டர். "11க்கு" என்றால் 11ஆம் பெட்டுக்கா, 11 மணிக்கா? 11ஆம் பெட் டெங்குப் பையன், யூரின் குறைவது நீர் பற்றாமல்தான் என்று நினைக்கிறேன், அவனுக்கு லாசிக்ஸ் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. நீங்க சொன்னது 12ஆம் பெட் ஐயாவுக்கு இரவு 11 மணிக்கு என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

10:43. டியூட்டி டாக்டர்

ஆமாம். 12ஆம் பெட், 2591, லாசிக்ஸ் 40 மி.கி. ஐ.வி., இரவு 11 மணிக்கு, மெதுவாக. அதற்கு முன் பி.பி. பாருங்க, மேல் பி.பி. 90க்குக் கீழே இருந்தால் வேண்டாம். 11ஆம் பெட், 2638: லாசிக்ஸ் கிடையாது. ஹெச்.சி.டி. இப்போதே. என்.எஸ். மணிக்கு 150 மி.லி. நன்றி சிஸ்டர், நல்ல நேரத்தில் கேட்டீங்க.

10:44. ராத்திரி சிஸ்டர்

திருப்பிச் சொல்கிறேன். 12ஆம் பெட்: லாசிக்ஸ் 40 மி.கி. ஐ.வி., 11 மணிக்கு, மேல் பி.பி. 90க்குக் கீழே என்றால் நிறுத்தம். 11ஆம் பெட்: ஹெச்.சி.டி. உடனே, என்.எஸ். 150. லாசிக்ஸ் இல்லை. கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன், வந்ததும் கையெழுத்துப் போடுங்க.

11:54. ராத்திரி சிஸ்டர்

தகவல் மட்டும், பதில் தேவையில்லை. 12: 11 மணிக்கு பி.பி. 110/70, லாசிக்ஸ் போட்டாச்சு. 11: ஹெச்.சி.டி. 46. 7ஆம் பெட், 2702: 20 நிமிஷ டெஸ்ட், ட்யூபைச் சாய்த்தேன், ரத்தம் உறைந்திருக்கிறது. வீக்கம் 7 மணிக் கோட்டைத் தாண்டவில்லை. அடுத்த டெஸ்ட் காலை 5:30 மணிக்கு, வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்க.

நவம்பர் 15, அதிகாலை 2:07. ராத்திரி சிஸ்டர், டியூட்டி டாக்டருக்கு

டாக்டர், உடனே வாங்க. 11ஆம் பெட், 2638, டெங்கு ஷாக் என்று நினைக்கிறேன். ரெண்டு தடவை ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. பி.பி. 100/84, இடைவெளி 16. பல்ஸ் 122, மெல்லிசாக இருக்கிறது. கை கால் சில்லிட்டிருக்கிறது, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 4 செகண்ட் ஆகிறது. வயிறு வலிக்கிறது என்கிறான், நினைவு இருக்கிறது. 1 மணிக்குப் பிறகு யூரின் இல்லை. 1 மணிக்கு பி.பி. 106/80, கை சூடாகத்தான் இருந்தது, இந்த ஒரு மணி நேரத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது. காலைத் தூக்கி வைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்கிறேன், ரெண்டாவது லைன் போட்டாச்சு, ஹெச்.சி.டி.க்கு ரத்தம் போய்விட்டது. 2:10க்குள் பதில் வராவிட்டால் ஐ.சி.யூ. டாக்டரைக் கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2:09. டியூட்டி டாக்டர்

பார்த்துவிட்டேன். தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னொரு டாக்டரிடம் கொடுத்துவிட்டு 15 நிமிஷத்தில் வருகிறேன். அதுவரை 11ஆம் பெட், 2638: ஆர்.எல். 500 மி.லி., ஒரு மணி நேரத்தில் போகிற மாதிரி, இப்போதே. 150 ஓடும் என்.எஸ்.ஸை நிறுத்துங்க. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை பி.பி. ஐ.சி.யூ. டாக்டரையும் கூப்பிடுங்க, நான் சொன்னேன் என்று சொல்லுங்க.

2:12. ராத்திரி சிஸ்டர்

ஆர்.எல். 500 மி.லி. ஒரு மணி நேரத்துக்கு, 2:12க்கு ஆரம்பித்தாச்சு. என்.எஸ். நிறுத்தியாச்சு. ஐ.சி.யூ.வில் சொல்லிவிட்டேன், பெட் இருக்கிறதாம். அம்மா அழுகிறார்கள், "பிளேட்லெட் ஏத்துங்க" என்கிறார்கள். டாக்டர் வந்து சொல்வார் என்று உட்கார வைத்திருக்கிறேன்.

2:50. டியூட்டி டாக்டர், ஐ.சி.யூ. டாக்டருக்கு

சார், 11ஆம் பெட், ஐ.பி. 2638, 19 வயசு, 54 கிலோ, உங்களிடம் அனுப்புகிறேன். டெங்கு, 6ஆம் நாள் தொடக்கம், பி.பி. இன்னும் மோசமாக விழாத நிலையில் ஷாக். கண்டுபிடித்தது 2:05, பி.பி. 100/84. ஆர்.எல். 2:12லிருந்து மணிக்கு 500 மி.லி., இதுவரை ஏறத்தாழ 310 போயிருக்கிறது. இப்போது பி.பி. 104/80, பல்ஸ் 112, கை கொஞ்சம் சூடு வந்திருக்கிறது. ஹெச்.சி.டி. வரிசையாக 40, 45, 46, இப்போது 51. பிளேட்லெட் 34,000. ஈறு, மலம், ஊசி போட்ட இடம் எங்கும் ரத்தக்கசிவு இல்லை, அதனால் பிளேட்லெட் கேட்கவில்லை, அம்மாவிடம் அதை உட்கார்ந்து பேசிவிட்டேன். ரெண்டு நாள் முன்னால் வெளியில் ஏதோ வலி ஊசி போட்டிருக்கிறார்கள், என்ன மருந்து என்று தெரியாது. ரத்த க்ரூப் அனுப்பியிருக்கிறேன், ரிசல்ட் வரவில்லை. உங்களிடம் கேட்பது: 3:12க்கு 500 முடிந்ததும் அடுத்த வேகத்தை நீங்க முடிவு செய்யுங்க, அதுவரை பையன் என் பொறுப்பு.

2:53. ஐ.சி.யூ. டாக்டர்

சரி, அனுப்புங்க. ட்ரிப்பை நிறுத்தாமல் கொண்டு வாங்க, நீங்களும் கூட வாங்க. 3:12லிருந்து திரவ ஆர்டர் என்னுடையது.

காலை 6:40. டியூட்டி டாக்டர், ராத்திரி சிஸ்டருக்கு

சிஸ்டர், 11ஆம் பெட்டில் இருந்த பையன் ஐ.சி.யூ.வில் பி.பி. 110/74, 5 மணியிலிருந்து யூரின் 80 மி.லி., அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நேற்று 10:41க்கு நான் போட்டது மோசமான செய்தி. அதை நீங்க அப்படியே செய்திருந்தால் அந்தப் பையன் 2 மணி வரைகூடத் தாங்கியிருக்க மாட்டான் என்று நினைக்க நினைக்க உடம்பு நடுங்குகிறது. முதல் வரியிலேயே "இன்னும் போடவில்லை" என்று எழுதினீங்க பாருங்க, அதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. இனி பெட், மணி என்ற வார்த்தை சேர்க்காமல் எண் எழுத மாட்டேன். யூனிட் சீஃபிடம் நடந்ததை நானே சொல்கிறேன், சம்பவப் புத்தகத்திலும் என் பேரில் எழுதுகிறேன்.

7:12. ராத்திரி சிஸ்டர், காலை டூட்டி சிஸ்டருக்கு

அக்கா, 11ஆம் பெட் காலி, பையன் 3:05க்கு ஐ.சி.யூ. போனான். அவங்க அம்மாவின் சாப்பாட்டுப் பையும் பெட்ஷீட்டும் நம்ம ஸ்டோர் ரூமில் இருக்கிறது, கேட்டு வருவார்கள். 7ஆம் பெட், 2702: 5:30 டெஸ்டிலும் ரத்தம் உறைந்தது, அடுத்தது காலை 11:30 மணிக்கு, புது ட்யூப் ஒன்றுகூட இல்லை, ஸ்டோரில் கேட்டு வாங்கணும். இரவு முழுக்க யூரின் 420 மி.லி., நிறம் தெளிவு, கிரியேட்டினின் ரிசல்ட் வரவில்லை. 12ஆம் பெட், 2591: லாசிக்ஸ் இரவு 11 மணிக்குக் கொடுத்தது, யூரின் 900 மி.லி., படுத்துத் தூங்கினார். பொட்டாசியம் 6 மணிக்கு அனுப்பினேன், அந்த ரிசல்ட்டும் வரவில்லை, அது வந்து டாக்டர் பார்க்காமல் காலை லாசிக்ஸ் வேண்டாம், டாக்டர் ஆர்டர் ஷீட்டில் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்க அக்கா, நான் 12ஆம் பெட் பக்கத்தில்தான் நிற்கிறேன்.