மாமாவின் டிஸ்சார்ஜ் சீட்டு, தமிழில்

அத்தை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் அனுப்பிய படத்தில் ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். மாமாவின் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்ததால்தான் காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்தது. ஃப்யூரோசெமைடு 40 மி.கி. மாத்திரைக்கு எதிரே 1-0-0 என்றிருப்பதற்கு, காலையில் ஒன்று, மதியமும் இரவும் வேண்டாம் என்று பொருள். அது சிறுநீரை அதிகமாக்கும் என்பதால் இரவில் கொடுத்தால் உறக்கம் கெடும். தண்ணீர், கஞ்சி, மோர், டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. உப்பைக் குறையுங்கள், ஊறுகாயும் பப்படமும் கருவாடும் அறவே வேண்டாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், மூச்சுத் திணறினால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தாளின் மடிப்பில் ஒரு மாத்திரையின் அளவு மறைந்திருக்கிறது. மருந்தை ஊகித்து எழுத எனக்கு மனமில்லை, அந்த வரியை மட்டும் வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து அனுப்புங்கள்.