ஏப்ரல்ல எத்தனை லாரி?

முதல் வீட்டில் நாங்கள் கேட்டது மூன்றே கேள்வி. தண்ணீர் எப்படி, மழைக்கு உள்ளே வருமா, பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறதா. புரோக்கர் செல்வம் அண்ணன் மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"பிரச்சினையே இல்ல மேடம்."

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. பிரபு தர்ப்பூசணி வாங்குகிறவன் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். நான் சமையலறை அலமாரியைத் திறந்தேன், மூடினேன். வேறு என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க, ஒரு அம்பதாயிரம் டோக்கன் போட்டு வெச்சிடுங்க சார்" என்றார் அண்ணன். பயமுறுத்துகிறார் என்று நினைத்தோம். அந்தப் பார்ட்டி நிஜமாகவே வந்து, வீடும் போய்விட்டது. எங்களுக்கு வந்தது வருத்தமா நிம்மதியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்த வாரம் எனக்கு இரவு டியூட்டி. ஆறாவது படுக்கையில் ஒரு தாத்தா. "மூச்சு வாங்குதா தாத்தா?" என்றால் "அதெல்லாம் இல்லம்மா" என்பார். வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு. "ராத்திரி எத்தனை தடவ எழுந்து உக்காந்தீங்க?" என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணி, "நாலு" என்றார். ஆறு வருடமாக வார்டில் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அதை எழுதும்போது காதுக்குள் செல்வம் அண்ணனின் குரல் கேட்டது: பிரச்சினையே இல்ல மேடம்.

காலையில் பிரபுவிடம் சொன்னேன். அவன் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். எண் என்றதும் முகம் மாறிவிடும்.

அடுத்த ஞாயிறு மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு. நல்ல வெளிச்சம், பால்கனிக்கு வெளியே ஒரு வேப்பமரம். எனக்கு உள்ளூரப் பிடித்துவிட்டது. அதனால்தான் உடனே கேட்டேன்.

"போன ஏப்ரல்ல எத்தனை லாரி தண்ணி வாங்கினாங்க அண்ணா?"

அவர் செல்போனைப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"அது சீசனப் பொறுத்து மேடம்."

"போன சீசனத்தான் கேக்குறேன்."

"அசோசியேஷன்லதான் கேக்கணும்."

"சரி, கேளுங்க. நாங்க நிக்கிறோம்."

செயலாளர் கைலியும் கையில் தினசரியுமாகக் கீழே வந்தார். ஓய்வு பெற்றவர், பேச ஆள் கிடைக்காமல் இருந்திருப்பார் போல. பதினாறு வீடு, ஒரே போர், ஏப்ரல் பாதியில் போர் இழுக்காது, அப்புறம் மழை வரும்வரை தினம் ஒரு 12,000 லிட்டர் லாரி. மாதம் 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ் என்று அண்ணன் சொல்லியிருந்தார். "அது குளிர்காலத்துக்கு. மே மாசம் 5,500 வந்துச்சு" என்றார் செயலாளர், ஏதோ தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வது போல.

அதோடு விடவில்லை. எங்களைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தூணைக் காட்டினார். புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து, டீ டம்ளர் வைத்து எடுத்த மேசையில் இருக்குமே, அந்த நிறத்தில் ஒரு கோடு தூணைச் சுற்றி மெல்லிதாக எழும்பியிருந்தது. பிரபு பக்கத்தில் போய் நின்றான். அவன் இடுப்புக்கு வந்தது.

"2015 டிசம்பர். எத்தன தடவ அடிச்சாலும் வெளிய வந்துடுது" என்றார் அவர்.

"அதுக்கப்புறம் மழைநீர்க் கால்வாய் போட்டுட்டாங்க சார்" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

"போட்டதுக்கு அப்புறம், 2023 டிசம்பர்ல?" என்றான் பிரபு.

செயலாளர் குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வேப்பமரம் மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் கூடவே வந்தது.

மூன்றாவது வீடு நங்கநல்லூரில். இந்தத் தடவை பிரபு பையில் அளவு டேப் வைத்திருந்தான். 950 சதுர அடி, அடிக்கு 6,800, மொத்தம் 64,60,000. நான் ஒரு முனையைப் பிடிக்க, அவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனான். குளியலறை வரை உட்கார்ந்து அளந்தான். அண்ணன் வாசலில் நின்று, கல்யாண வீட்டில் சாப்பாடு எண்ணுகிறவர்களைப் பார்ப்பது போல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"648" என்றான்.

"சார், மீதி காமன் ஏரியா. சுவரு, படிக்கட்டு, லிஃப்ட்டு..."

"சரிண்ணா. அப்ப நாங்க நடமாடுற எடத்துக்கு அடி கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆகுது. அது போகட்டும், மனையில எங்க பங்கு எவ்வளவு? யூடிஎஸ்?"

"பத்திரத்துல இருக்கும் சார்."

"ஒரிஜினல் பத்திரம் இப்ப யார் கையில இருக்கு?"

இதை நாங்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. 'பத்திரம் சரியா' என்று மறுபடியும் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் காலணியைக் கழற்றி உள்ளே வந்து, காலியான கூடத்தில் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவரை உட்கார்ந்து பார்க்கிறேன்.

"பேங்க்ல இருக்கு சார். ஓனருக்கு இன்னும் லோன் ஓடுது. உங்க பணத்துல அத அடைச்சிட்டு, பத்திரத்த மீட்டுத் தருவாரு."

"போன்ல பத்திரம் கிளியரான்னு கேட்டப்ப சொல்லலையே."

"நீங்க லோன் இருக்கான்னு கேக்கல சார். கிளியரான்னு கேட்டீங்க. அடைச்சா கிளியர்தான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். அப்புறம் அவரே, tnreginet தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்த அடமானம் தெரியும், முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள் என்றார். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலாம். "டைல்ஸ் கலர் கேக்குறவங்கதான் மேடம் நெறைய. நாங்களா வாயத் தொறந்தா ஓனர் அடுத்த வீட்டக் குடுக்க மாட்டாரு."

அந்த வீட்டையும் வேண்டாமென்று விட்டோம். கடன் காரணமில்லை, அதை அடைத்து முடிக்கலாம். 648 பிரபுவின் மனதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். அண்ணன் இனி எங்களைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்குகிற ஆட்கள் என்று எங்காவது குறித்து வைத்திருப்பார்.

பத்து நாள் கழித்து, நான் டியூட்டி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், ஆதம்பாக்கத்துல ஒண்ணு இருக்கு. எட்டே வீடு. உள்ள அளந்தா 610 வரும், நானே அளந்துட்டேன். யூடிஎஸ் 430. லிஃப்ட் கெடையாது. போன மே மாசம் மொத்தமா ஆறு லாரி, செகரட்டரி நோட்டுல பாத்தேன். 2023ல தெருவுல கணுக்கால் வரைக்கும், கேட்டுக்குள்ள வரல. பத்திரம் ஓனர் பீரோல இருக்கு. வேற என்ன கேப்பீங்கன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தோணல."

நான் பையை மூடிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் விக்கிறாங்கண்ணா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்கள்.

"அத நேர்ல சொல்றேன் மேடம்" என்றார்.